பணி ஓய்வு விழாப் பேச்சைச் சரிபார்ப்பது எப்படி?

அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார், பேச்சை யாரோ எழுதிவிட்டார்கள், "ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்று உங்கள் கையில் தாள் வந்துவிட்டது. உடனே சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழை தேட வேண்டாம். பேசும்போது 'க்' விட்டுப்போனது யாருக்கும் தெரியாது. வருடக் கணக்கு தப்பினால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்கே தெரிந்துவிடும். அதனால் முதலில் எண்கள், அப்புறம்தான் வாக்கியங்கள்.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர், 2025 மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் இப்படி இருக்கிறது: "1991-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 34 ஆண்டுகள் பணியாற்றி, 58 வயதில் இன்று ஓய்வு பெறுகிறார்." இந்த ஒரு வரியில் நான்கு இடங்கள் இடறுகின்றன.

முதல் படி: தேதிகளை வாங்குங்கள்

நினைவில் இருந்து எழுதிய வருடங்களை நம்ப வேண்டாம், அவரே சொன்னதாக இருந்தாலும் சரி. அவருடைய பணிப்பதிவேட்டைக் கவனிக்கும் எழுத்தரிடம், முதலில் பணியில் சேர்ந்த நாள், ஒவ்வொரு அலுவலகத்திலும் சேர்ந்த நாள், பதவி உயர்வு பெற்ற நாள், இவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பதிவேட்டையே கேட்காதீர்கள், அதில் விடுப்பு, தண்டனை எல்லாம் இருக்கும், அது நமக்கு வேண்டாத விஷயம். ஓய்வூதியக் கருத்துருவில் நிகரத் தகுதிப் பணிக்காலம் என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதையும் எடுக்காதீர்கள். சம்பளமில்லாத விடுப்பு போன்றவற்றைக் கழித்து வருவதால் அந்த எண் குறைந்திருக்கலாம். மேடையில் சொல்ல வேண்டியது அவர் எத்தனை வருடம் அலுவலகத்துக்கு வந்தார் என்பது.

சிலர் முதலில் தற்காலிகமாகவோ தொகுப்பூதியத்திலோ இருந்துவிட்டுப் பிறகு நிரந்தரமாகியிருப்பார்கள். அப்படியானால் எந்த நாளில் இருந்து கணக்கிட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். என் அபிப்பிராயம், அந்தப் பழைய வருடங்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். உழைத்த காலம் உழைத்த காலம்தானே.

இரண்டாம் படி: கூட்டிப் பாருங்கள்

நம் கண்காணிப்பாளர் சேர்ந்த நாள் 14.11.1991. ஓய்வு 31.5.2025. எழுதியவர் 2025-ல் இருந்து 1991-ஐக் கழித்து 34 என்று போட்டுவிட்டார். 13.11.2024 அன்று முடிந்தது 33 வருடம், அதன்பின் 13.5.2025 வரை ஆறு மாதம், மிச்சம் 18 நாள். "முப்பத்து மூன்றரை வருடம்" என்று சொன்னால் சரியாகவும் இருக்கும், வாயிலும் நன்றாக வரும்.

அடுத்த பத்தியில் முதல் அலுவலகத்தில் 13 வருடம், இரண்டாவதில் 10, இங்கே 14 என்று எழுதியிருக்கிறார். கூட்டினால் 37! மாறுதல் நடந்த 2003, 2012 இரண்டையும் இரண்டு பக்கமும் எண்ணியதோடு, 1991, 2025 இரண்டையும் முழு வருடமாகப் பிடித்ததால் வந்த வீக்கம் இது. எழுத்தர் தந்த தேதிகளின்படி பார்த்தால் முதலில் 11 வருடம் 7 மாதம், அப்புறம் 9 வருடம் 1 மாதம், இங்கே 12 வருடம் 10 மாதத்துக்குச் சற்று மேல். கூட்டினால் அதே முப்பத்து மூன்றரை வருகிறது. துண்டுகளின் கூட்டலும் மொத்தமும் ஒத்துவரும் வரை பேச்சைக் கீழே வைக்காதீர்கள்.

மற்ற மூன்று இடறல்கள். 58 வயது என்பது பழைய பேச்சில் இருந்து நகலெடுத்தது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆகிவிட்டது, இவருக்கு மே மாதத்தில் 60 நிறைகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்ததே 2004-ல், 1991-ல் அது தர்மபுரி மாவட்டம். திருப்பூர், தென்காசி பக்கத்து அலுவலகங்களிலும் இந்த வழுக்கல் உண்டு. கடைசியாக "இன்று". 2025 மே 31 சனிக்கிழமை, விழாவை 30-ஆம் தேதி வெள்ளி மாலையே வைத்திருக்கிறார்கள். அதனால் "நாளையோடு" என்று மாற்ற வேண்டும்.

எண்கள் முடிவானதும் வாழ்த்து மடலையும் பிளெக்ஸையும் எடுத்து ஒப்பிடுங்கள். பேச்சில் முப்பத்து மூன்றரை, பின்னால் தொங்கும் பிளெக்ஸில் 34 என்று இருக்கக் கூடாது. அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்தால்தான் பலன்.

மூன்றாம் படி: காதால் படியுங்கள்

கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, மேடையில் பேசும் சத்தத்தில் படியுங்கள். பேசப் போகிறவரே படித்து நீங்கள் கேட்டால் இன்னும் நல்லது. நாக்கு தடுக்கும் இடத்திலும் நடுவில் மூச்சு வாங்கும் இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். அங்கேயே நின்று திருத்த ஆரம்பித்தால் ஓட்டம் தெரியாது.

கோடு விழும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். "இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்து, உதவியாளராகவும் பின்னர் கண்காணிப்பாளராகவும் பதவி உயர்வு பெற்று, மூன்று அலுவலகங்களிலும் திறம்படப் பணியாற்றி, அனைவரின் அன்பையும் பெற்ற, எளிமையின் இலக்கணமாய்த் திகழ்ந்த நமது கண்காணிப்பாளர் அவர்கள்" என்று போகிறது. யாரைப் பற்றி, என்ன செய்தார் என்பது கடைசியில்தான் வருகிறது, அதுவரை கேட்கிறவர் எல்லாவற்றையும் மனதில் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணுக்குப் பழகிய வாக்கியம், காதுக்குப் பாரம். இப்படி உடைக்கலாம்: "சார் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்று ஒன்று நவம்பரில். அன்று இளநிலை உதவியாளர். இன்று கண்காணிப்பாளர். நடுவில் மூன்று அலுவலகம், முப்பத்து மூன்றரை வருடம்." எண்களை இப்படி எழுத்தாலேயே எழுதிவிடுங்கள். 14.11.1991 என்று இருந்தால் மேடையில் அதை எப்படி வாசிப்பது என்று யோசிக்கவே இரண்டு நொடி போகும்.

"இன்முகத்தோடு" போன்ற சொற்கள் மூன்று பத்தியிலும் வந்தால் இரண்டை அடித்துவிட்டு, அவர் செய்த ஒரு காரியத்தைப் போடுங்கள். எந்தக் கோப்பு எங்கே என்று கேட்டால் எழுந்துபோய் எடுத்துத் தந்தார் என்பது போதும்.

ரொம்ப முக்கியமான சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. பேச்சில் வரும் இறந்தகாலத்தையும், பிரிவு, இழப்பு என்று வரும் சொற்களையும் வட்டமிடுங்கள். "நல்ல மனிதராக இருந்தார்", "நம்மை விட்டுப் பிரிகிறார்", "ஈடு செய்ய முடியாத இழப்பு". இவற்றை அடுத்தடுத்து சத்தமாகப் படித்தால் இரங்கல் கூட்டம் மாதிரி கேட்கும், குடும்பம் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. செய்த வேலைக்கு இறந்தகாலம் இருக்கட்டும், குணத்துக்கு நிகழ்காலம் கொடுங்கள்: "நல்ல மனிதர்." பிரிவு, இழப்பு இரண்டையும் எடுத்துவிட்டு "திங்கட்கிழமை அந்த மேசைக்குப் போய்ச் சந்தேகம் கேட்க முடியாது" என்று சொன்னால் வருத்தமும் தெரியும், ஆளும் நலமாக இருப்பார்.

பிறகு அவரை அழைக்கும் விதம். ஒரு வரியில் "அவர்கள்", அடுத்ததில் "நீங்கள்", இன்னொன்றில் "அண்ணன்" என்று மாறிக்கொண்டே இருந்தால் கூட்டம் குழம்பும். சபையைப் பார்த்துப் பேசும்வரை "சார்" என்றே போய், வாழ்த்துச் சொல்லும் கடைசி நாலைந்து வரிகளில் மட்டும் அவர் பக்கம் திரும்பி "நீங்கள்" என்று பேசலாம்.

திருத்தியதைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுங்கள், பக்கம் முடியும் இடத்தில் வாக்கியமும் முடியட்டும். போனில் நேரம் வைத்து இன்னொரு தடவை படித்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பாராட்டு வார்த்தைகளைக் குறையுங்கள், சம்பவங்களைத் தொடாதீர்கள். அவருடைய ஏற்புரைக்கும் நேரம் வேண்டும்.