கார் ஏசி கேஸ் எங்கே கசிகிறது? யுவி சாயம் காட்டிய ஓ-ரிங்

கானாடுகாத்தானில் அம்மான் வீட்டுக் கார், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும். ஏசி போடாமல் மாதக்கணக்கில் நிற்கிற கார்களில் ரப்பரும் சீலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்துபோகும். ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை, ஏசிக்குள் ஏற்றினால் கசியும் இடத்தில் எண்ணெயோடு வெளிவந்து யுவி வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கொண்டு கசிவையே தேடினோம்.

இது R134a கேஸ் உள்ள சாதாரண காருக்கு. ஹைபிரிட், மின்சார கார்களின் கம்ப்ரசருக்கு எண்ணெய் வேறு. இந்தச் சாயத்தை அதில் ஊற்றாதீர்கள். கேஸ் சுத்தமாகக் காலியானால் கம்ப்ரசர் ஓடாது, சாயமும் சுற்றாது. அப்போது நைட்ரஜன் சோதனைதான் வழி.

இஞ்சினை ஓடவிட்டு, லோ சைடு வால்வு வழியாக 5 முதல் 7 மில்லி சாயம் ஏற்றுங்கள். கூட ஊற்றினால் கூடத் தெரியும் என்று எதுவுமில்லை, கம்ப்ரசர் ஆயில்தான் நீர்த்துப்போகும். ஏற்றியதும் வால்வைச் சுற்றி நன்றாகத் துடைக்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்: ஏற்றும்போது சிந்திய சொட்டே பச்சையாக ஒளிரும், வால்வில்தான் கசிவு என்று முடிவுகட்டிவிடுவார்கள். ரேடியேட்டர் கூலன்ட்டும் சில கார்களில் அப்படியே ஒளிரும். எது எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

ஏசியை அரைமணி ஓடவிட்டு இஞ்சினை நிறுத்துங்கள். இருட்டிய பிறகு, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு யுவி டார்ச் அடியுங்கள். டார்ச்சில் 365 நானோமீட்டர்தான் வாங்க வேண்டும். மலிவான 395-இல் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும். சின்னக் கசிவானால் சில நாள் ஓட்டிய பிறகே தெரியும்.

நம் ஊர்ச் செம்மண் ஒரு உபகாரம் செய்கிறது. எண்ணெய் கசிகிற இடத்தில் புழுதி சேறாய் ஒட்டும். அம்மான் காரில் கண்டென்சர் குழாய் இணைப்பில் அந்தச் சிவப்புச் சேற்றைத் துடைத்ததும் அடியில் ஒரு பச்சை வளையம்.

குழாயைக் கழற்றுமுன் மெக்கானிக்கிடம் மெஷினில் கேஸை எடுத்துவிடுங்கள். அழுத்தத்தோடு போல்ட்டைத் திறந்தால் தெறிக்கும் திரவம் தோலை உறையவைத்துவிடும். திறந்த வாய்களை உடனே மூடுங்கள், அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

அந்த இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் தட்டையாகி, வெடித்திருந்தது. அதை மரப் பல்குச்சியால் எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் அலுமினியப் பள்ளத்தில் கீறல் போட்டால் புது ரிங்கும் கசியும். புதியது ஏசிக்கான ஹெச்என்பிஆர் ரப்பராக இருக்கட்டும். உள்விட்டம் மட்டுமல்ல, தடிமனும் பொருந்த வேண்டும். தட்டையாகிப்போன பழையதை அளந்தால் தடிமன் தப்பாக வரும் என்பதால், கார் மாடலைச் சொல்லி வாங்குவதே மேல். கம்ப்ரசருக்கு என்ன ஆயிலோ அதையே தடவி, முறுக்காமல் உட்காரவைத்து, போல்ட்டை அளவாக இறுக்குங்கள்.

பிறகு அரைமணிக்குக் குறையாமல் வேக்யூம். பம்ப்பை நிறுத்தியும் கேஜ் முள் ஏறாமல் நின்றால், பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு எடை பார்த்து கேஸ். பழைய சாயக்கறையையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அதுவே குழப்பும்.

சேர்ப்பு: எங்குமே பச்சை தெரியவில்லை, கேஸ் மட்டும் குறைகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் நுனியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒளிர்ந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் பக்கம்தான் கசிவு. அது வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் வேலை இல்லை.