லாம்டா ஃபேஜின் லைசிஸ்–லைசோஜெனி முடிவு: விளக்கத்திலும் சோதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈ. கோலை பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸான லாம்டா ஃபேஜுக்கு இரண்டு வழிகள் உண்டு. செல்லுக்குள் பெருகி, ஒரு மணி நேரத்துக்குள் செல்லை உடைத்து வெளியேறுவது லைசிஸ். தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் குரோமோசோமில் பொருத்திக்கொண்டு, பெரும்பாலான மரபணுக்களை அடக்கி வைத்து, செல்லோடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பிரதியாவது லைசோஜெனி. இந்த முடிவைச் சி1, க்ரோ என்னும் இரண்டு ஒடுக்கிப் புரதங்களின் சமநிலை தீர்மானிக்கிறது என்று பாடங்களில் சொல்லப்படுகிறது. அது பிழையான கூற்று அல்ல. ஆனால் அதை எந்தக் கட்டத்துக்குப் பொருத்துவது என்று தெரியாமல் சொல்லும்போது பல தவறுகள் கிளைக்கின்றன.

அவற்றில் முதன்மையானது, தொற்று நிகழ்ந்த உடனேயே சி1, க்ரோ இரண்டும் ஒரே ஆப்பரேட்டரை, அதாவது ஒடுக்கிகள் அமரும் டிஎன்ஏ பகுதியை, பிடிக்கக் கயிறிழுப்புப் போட்டி நடத்துகின்றன, வென்றவர் பக்கம் செல் சாய்கிறது என்று எழுதுவது. புதிதாகத் தொற்றிய செல்லின் நிலையைச் சற்று யோசித்தால் இதன் குறை தெரிந்துவிடும். ஃபேஜின் டிஎன்ஏ உள்ளே நுழைந்து வட்டமாக மூடிக்கொள்ளும் நேரத்தில் செல்லில் சி1 புரதம் ஒரு மூலக்கூறுகூட இல்லை. லைசோஜெனில், அதாவது லைசோஜெனி நிலையில் உள்ள செல்லில், சி1ஐத் தொடர்ந்து உற்பத்தி செய்யும் பிஆர்எம் என்ற புரொமோட்டர், அதாவது மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம், இயல்பிலேயே வலுவற்றது. ஏற்கெனவே உருவான சி1 அருகில் அமர்ந்து தூண்டினால்தான் அது போதிய அளவு வேலை செய்யும். க்ரோவோ, தொற்றிய உடனே ஈ. கோலையின் ஆர்என்ஏ பாலிமரேஸ் படிக்கத் தொடங்கும் பிஆர் புரொமோட்டரின் முதல் மரபணு. போட்டி உண்மையில் இப்படித்தான் நடந்திருந்தால் க்ரோ ஒவ்வொரு முறையும் வென்றிருக்கும். லாம்டாவின் லைசோஜென் ஒன்றையும் நாம் பார்த்திருக்க மாட்டோம்.

அந்தச் சிக்கலை அவிழ்ப்பது சி2 என்ற மூன்றாவது புரதம். பிஆரிலிருந்து புறப்படும் ஆர்என்ஏ க்ரோவைக் கடந்ததும் ஒரு நிறுத்தக் குறியைச் சந்திக்கிறது. இன்னொரு பக்கத்துப் புரொமோட்டரான பிஎல்லிலிருந்து உருவாகும் ‘என்’ என்னும் புரதம் அந்த நிறுத்தத்தைக் கடக்க உதவியதும் பாலிமரேஸ் மேலே சென்று சி2 மரபணுவைப் படிக்கிறது. சி2 ஓர் ஊக்கி. அது பிஆர்இ என்ற வேறொரு புரொமோட்டரைத் திறந்துவிட, அங்கிருந்து எதிர்த்திசையில் ஓடும் ஆர்என்ஏ க்ரோவின் பகுதியைத் தலைகீழாகக் கடந்து சி1 மரபணுவை அடைகிறது. முதல் சி1 வெள்ளம் இப்படித்தான் வருகிறது. அதோடு, டிஎன்ஏவைப் பொருத்தும் இன்ட் நொதியின் உற்பத்தியையும் சி2 தொடங்கிவைக்கிறது. லைசிஸின் பிற்கால மரபணுக்களை இயக்கும் க்யூ புரதத்துக்கு எதிரான ஓர் ஆர்என்ஏவையும் உண்டாக்கி, அந்த வழியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது.

ஆகவே தொற்றுக்குப் பிந்தைய முதல் நிமிடங்களில் எழும் உண்மையான கேள்வி, சி2 போதிய அளவு சேருமா என்பதுதான். சி2 மிகக் குறுகிய ஆயுள் கொண்ட புரதம். ஈ. கோலையின் எஃப்டிஎஸ்எச் என்னும் புரதச்சிதைப்பான் அதை இடைவிடாது உடைத்துக்கொண்டிருக்கும்; ஃபேஜின் சி3 புரதம் அந்தச் சிதைப்பானைத் தடுத்துச் சி2க்குச் சிறிது காலம் வாங்கித் தரும். உற்பத்திக்கும் சிதைவுக்கும் நடுவில் சி2 ஒரு வரம்பைத் தாண்டினால் சி1 பெருகும். தாண்டாவிட்டால் லைசிஸ் தன் போக்கில் நடக்கும்.

அப்படியானால் இந்தக் கட்டத்தில் க்ரோவுக்கு வேலையே இல்லையா என்று சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. க்ரோ சேரச்சேரப் பிஆர், பிஎல் இரண்டையும் மெல்ல அடக்குகிறது; அவற்றிலிருந்துதான் சி2வும் சி3யும் வருகின்றன என்பதால், க்ரோ சி2இன் வரவைக் குறைக்கிறது. க்ரோ அற்ற திரிபு ஃபேஜ்களில் சி2 மிகுந்து சி1 அளவுக்கு மீறி உருவாவதையும், அவை லைசிஸ் வழியில் வளரத் திணறுவதையும் இதைக் கொண்டு விளக்கலாம். க்ரோவும் சி2வும் ஒரே ஆர்என்ஏவில் அடுத்தடுத்து இருப்பதால், லைசோஜெனிக்குப் போகும் செல்லிலும் க்ரோ உருவாகத்தான் செய்யும். ‘க்ரோ இருக்கிறது, எனவே லைசிஸ்’ என்று ஓர் அளவீட்டிலிருந்து முடிவு கட்டுவது இதனால்தான் செல்லாது.

இரண்டாவது தவறு முதல் தவறின் தங்கை: லைசோஜெனியை நிறுவுவதையும் நிலைநிறுத்துவதையும் ஒன்றாக்குவது. நிறுவுவதற்குச் சி2வும் பிஆர்இயும் வேண்டும். நிலைநிறுத்தச் சி1ம் பிஆர்எம்மும் போதும். இதை மூலக்கூறுகள் எதுவும் கையில் இல்லாத காலத்திலேயே மரபியல் காட்டிவிட்டது. 1957இல் டேல் கைசர் லாம்டாவின் தெளிவுத்திரிபுகளை, அதாவது பாக்டீரியா வளர்ந்த தட்டில் செல்களை அழித்து மங்கலற்ற தடம் உண்டாக்கும் திரிபுகளை, சி1, சி2, சி3 என மூன்று குழுக்களாகப் பிரித்தார். சி1 பழுதான ஃபேஜையும் சி2 பழுதான ஃபேஜையும் ஒரே செல்லில் சேர்த்துத் தொற்றவைத்தால், ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்து லைசோஜென்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒரே ஒரு ஃபேஜின் டிஎன்ஏவை மட்டும் தாங்கிய செல்களைப் பார்த்தால், அவை சி2 பழுதான ஃபேஜைத் தாங்கியிருக்கும். சி1 பழுதானதைத் தனியே தாங்கியிருக்காது. சி2 தொடக்கத்தில் மட்டும் தேவை, சி1 எப்போதும் தேவை என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சோதனையில் லைசோஜென் எண்ணிக்கை குறைந்தால், அது உருவாகாமல் போனதா, உருவான பிறகு நிலைக்காமல் போனதா என்று முதலில் கேட்க வேண்டும். சி1ஐ மார்க் டாஷ்னே 1967இல் பிரித்தெடுத்த பிறகு நமக்குப் பல நுட்பங்கள் கிடைத்தாலும், கேள்வி மாறவில்லை.

பாடப்புத்தகக் கயிறிழுப்பு ஓரளவு பொருந்தும் இடம் இந்த நிலைநிறுத்தும் கட்டம்தான். அங்கே ஆப்பரேட்டர் ஓஆர்1, ஓஆர்2, ஓஆர்3 என மூன்று இருக்கைகளைக் கொண்டது. சி1 முதலில் ஓஆர்1இல் அமர்ந்து, பக்கத்து ஓஆர்2இல் இன்னொரு சி1 இணையை அமரத் துணைசெய்கிறது. இவ்விரண்டும் நிரம்பினால் பிஆர் மூடப்பட்டு, பிஆர்எம் தூண்டப்படும். க்ரோ முதலில் ஓஆர்3ஐ நாடிப் பிஆர்எம்மை மூடும். இதைப் படித்தவர்கள் பலர் ‘ஓஆர்3 நிரம்பினால் லைசிஸ்’ என்று சூத்திரமாக்கிக்கொள்கிறார்கள். சி1 மிகுதியாகும்போது அதுவும் ஓஆர்3இல் அமரும். அப்போது அது தன் சொந்த உற்பத்தியைத்தான் குறைத்துக்கொள்கிறது. பிஆர் மூடியே இருக்கிறது. செல் லைசோஜெனாகவே தொடர்கிறது. புற ஊதாக் கதிரால் டிஎன்ஏ பழுதானால் சி1 தானே பிளந்துகொள்ள வேண்டிய நிலை வரும் என்பதால், அதன் அளவு எல்லை மீறாமல் இருப்பது ஃபேஜுக்குத் தப்பிக்கும் வழியைத் திறந்து வைக்கிறது. அந்தப் பிளவை ரெக்ஏ புரதம் கத்திரிபோலச் செய்வதில்லை, தூண்டுகிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

சோதனைக்கூடத்தில் நேரும் தவறுகளில் பெரியது, செல்லுக்கு எத்தனை ஃபேஜ் என்னும் தொற்று விகிதத்தின் சராசரியை ஒவ்வொரு செல்லுக்கும் உரியதாக எண்ணுவது. ஒரே செல்லில் பல ஃபேஜ்கள் நுழைந்தால் சி2வும் சி3யும் அதிகம் உருவாகி லைசோஜெனி பெருகும் என்பது நன்கு நிறுவப்பட்டது. ஆனால் மில்லி லிட்டருக்கு 10 கோடி செல்லும் 10 கோடி ஃபேஜும் கலந்தால், செல்லுக்கு ஒரு ஃபேஜ் கிடைப்பதில்லை. எல்லா ஃபேஜும் ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொண்டால், பாய்சான் பரவலின்படி ஏறத்தாழ 3.7 கோடி செல்களில் ஃபேஜே இருக்காது; இன்னொரு 3.7 கோடி செல்களில் ஒரு ஃபேஜும், எஞ்சிய 2.6 கோடி செல்களில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். இப்போது ஒரு கணக்குக்காக, ஒரு ஃபேஜ் நுழைந்த செல்லில் 5 சதவீதமும், இரண்டோ மேலோ நுழைந்த செல்லில் 50 சதவீதமும் லைசோஜெனிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். லைசோஜென்கள் சுமார் 1.5 கோடி, தொற்றிய 6.3 கோடியில் அது ஏறக்குறைய 24 சதவீதம். ‘செல்லுக்கு ஒரு ஃபேஜ்’ என்று நம்பியவர், ஒற்றைத் தொற்றில் 24 சதவீதம் என்று எழுதுவார். நாம் வைத்த உண்மை 5. விகிதத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும், தொற்றிய செல்களில் 95 சதவீதம் ஒற்றைத் தொற்றாக இருந்தும், அதே அனுமானங்களில் விடை 7 சதவீதத்துக்கு மேல் வரும். லைசோஜென்களில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சிறு எண்ணிக்கையிலான இரட்டைத் தொற்றுகளிலிருந்தே வந்திருக்கும்.

இதே கணக்கு இன்னொரு பொறியையும் காட்டுகிறது. உயிர்பிழைத்த செல்களை எல்லாம் லைசோஜென் என்று எண்ணினால், தொற்றே நேராத அந்த 3.7 கோடியும் கணக்கில் ஏறிவிடும். பிழைத்த செல்கள் பெருகி உண்டான கூட்டமைவுகளைத் தனியே எடுத்து, அவை லாம்டாவை எதிர்க்கின்றனவா, புற ஊதாக் கதிர் பட்டால் ஃபேஜை வெளியிடுகின்றனவா என்று பார்க்காமல் சதவீதம் எழுதக் கூடாது. எதிர்ப்பு மட்டும் போதாது. ஃபேஜ் ஒட்டும் லாம்பி ஏற்பியை இழந்த செல்லும் எதிர்க்கும். ஒட்டாமல் மிஞ்சிய ஃபேஜ்களையும் எண்ணிக் கழித்த பிறகே விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

கூட்டத்தின் சராசரியிலிருந்து ஒரு செல்லின் முடிவைப் படிப்பதற்கும் எல்லை உண்டு. சிறிய செல்கள் லைசோஜெனியை அதிகம் நாடுவதை 2008இல் பிரான்சுவா சென்-பியர், ட்ரூ எண்டி இருவரும் காட்டினர். 2010இல் லான்யிங் செங், இடோ கோல்டிங் குழுவினர் தனித்தனிச் செல்களை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்து, உள்ளே வந்த ஒவ்வொரு ஃபேஜும் தனியே முடிவெடுப்பதாகவும், அனைத்தும் ஒத்துப்போனால் மட்டுமே செல் லைசோஜெனிக்குச் செல்வதாகவும் கொண்டால் தரவு பொருந்துகிறது என்றனர்.

தட்டில் தெரியும் தடங்களைப் படிப்பதில் கடைசிக் குழப்பம். இயல்பான லாம்டாவின் தடம் நடுவில் மங்கலாக இருப்பது, ஃபேஜ் வலுவற்றது என்பதற்கான அடையாளம் அல்ல. அங்கே லைசோஜென்கள் வளர்ந்திருக்கின்றன. தடம் தெளிவாக இருந்தால் உடனே ‘சி1 பழுது’ என்று எழுதிவிடக் கூடாது, ஏனெனில் சி2, சி3 பழுதுகளும் தெளிவான தடம் தரும். ஐயமுள்ள ஃபேஜை, சி1 பழுதானது என்று உறுதியான ஒன்றுடன் சேர்த்து ஒரே செல்லில் தொற்றவைத்துப் பார்க்க வேண்டும்: லைசோஜென்கள் கிடைத்தால் குறை வேறு மரபணுவில் இருக்கிறது. லாம்டா லைசோஜென் மீதே ஒரு ஃபேஜ் தடம் அமைத்தால், அது இந்த மூன்றில் எதுவுமாக இருக்க வாய்ப்பில்லை. ஒடுக்கி அமரும் ஆப்பரேட்டரே மாறிப்போன வைரலண்ட் திரிபாக அது இருக்கக்கூடும்.