கீலாய்டை வெட்டி எடுத்தால் மட்டும் போகாது

அக்கா மகள் காலேஜ் சேர்ந்ததும் மேல்காதில் இன்னொரு துளை குத்திக்கொண்டாள். புண் ஆறிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் காதின் பின்பக்கம் மிளகளவு தடிப்பு, எந்நேரமும் அரிப்பு. "தழும்புதானே, தானா அமுங்கிடும்" என்று நாங்கள் விட்டோம். அதுதான் முதல் தவறு.

காயம் ஆறிய இடத்தில் தழும்பு கொஞ்சம் தடிப்பது உண்டு. அந்தச் சாதாரணத் தடிப்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஓரிரு மாதத்தில் எழும்பி, அப்புறம் மெல்ல மெல்ல அமுங்கும். கீலாய்டு என்ற தழும்புக் கட்டி அப்படியல்ல. காயம் ஆறி மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும், எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் படரும், தானாக வற்றுவது அரிது. ஊசி குத்திய துளையோ ஒரு மில்லிமீட்டர்தான். அதன்மேல் மிளகளவு கட்டி என்றால் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து மாதம் ஒரு போட்டோ எடுத்தால் வளர்வது தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறு பெரியது. ஒரு கிளினிக்கில் அதை வெட்டி எடுத்து, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் திரும்பி வந்தது. காயத்தை மூட உடம்பு சுரக்கும் கொலாஜன் என்ற புரதம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் போவதுதான் கீலாய்டு. அதை வெட்டுவது இன்னொரு காயம். வெட்டிவிட்டு வேறெதுவும் செய்யாவிட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும். நூல் கட்டி அறுப்பதும் சுண்ணாம்பு வைப்பதும் அதே கதைதான்.

அப்புறம் தோல் மருத்துவரிடம் போனோம். டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கட்டிக்குள்ளேயே போட்டார். நான்கு வாரத்துக்கு ஒன்று. வலித்தது, உண்மைதான். முதலில் நின்றது அரிப்பு. பிறகு ரப்பர் போலிருந்த கட்டி இளகி, ஐந்தாவது ஊசியில் பெரும்பாலும் தட்டையானது. ஒன்றிரண்டு ஊசியில் "பலனில்லை" என்று நிறுத்துவது பலர் செய்யும் தவறு. மருந்து அதிகமானால் தோல் மெலிந்து வெளுக்கலாம். அதனால் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் அதோடு சேர்த்து ஸ்டீராய்டு ஊசியோ, ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சோ கொடுப்பார்கள். காது மடலென்றால் அழுத்தம் தரும் கம்மலும் மாட்டச் சொல்வார்கள்.

சிலிகான் ஷீட் புதுத் தழும்புக்கு நல்லது. புண் முழுதாக மூடிய பிறகு ஒட்டி, தினம் 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். முற்றிய கீலாய்டை அது மட்டும் கரைக்காது.

எந்தக் காயமும் இல்லாத இடத்தில் கட்டி வளர்ந்தால் கீலாய்டு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை செய்வார்.

அவளுடைய இன்னொரு காதில் துளை குத்தவில்லை. தங்கைக்கும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள், இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால்.