மார்ச் 31 அன்று பேங்கில் இருப்பது மிச்சப் பணம் அல்ல

சென்னையில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கான வரியை எங்கள் தெருக்காரர் ஒருவர் மார்ச் 30 அன்றுதான் கட்டினார். ரொக்க முறைக் கணக்கில் அந்தப் பணம் மார்ச் 30-ல்தான் ஏறும். பணம் கைக்கு வரும்வரை காத்திராத அக்ரூவல் முறையில், ‘இவ்வளவு கட்ட வேண்டும்’ என்று அந்த அரையாண்டுக்கான கேட்பை எழுதியபோதே அது வருமானம். அவர் கட்டும்வரை நிலுவை. தமிழக நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2000-01 முதல் இந்த இரண்டாவது முறையில் கணக்கு எழுதுகின்றன. மாநில அரசு இன்னும் ரொக்க முறையில்தான் எழுதுகிறது.

அதிகம் பார்க்கும் தவறு, பேங்க் இருப்பு கூடியதைப் பார்த்து ‘உபரி’ என்று சொல்லிவிடுவது. புறநகரில் ஒரு நகராட்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு வரிக் கேட்பு 10 கோடி ரூபாய். அதில் 7 கோடி வசூலாகிறது, பழைய நிலுவையில் 2 கோடி வருகிறது. மழைநீர் வடிகாலுக்கு மார்ச் மாதம் 6 கோடி மானியம் வருகிறது. சம்பளம் முதலான இந்த ஆண்டுச் செலவுக்குக் கொடுத்தது 11 கோடி. வந்தது 15, போனது 11. ரொக்கப்படி 4 கோடி மிச்சம்.

சரி, அலமாரியைத் திறந்து பார்ப்போம். குப்பை அள்ளிய ஒப்பந்ததாரரின் பில்லும் தெருவிளக்கு மின்கட்டணமும் சேர்த்து 2 கோடி கொடுக்காமல் கிடக்கிறது. வேலை நடந்துவிட்டது, விளக்கும் எரிந்துவிட்டது. ஆகவே செலவு 13 கோடி. வருமானம் இந்த ஆண்டின் கேட்பான 10 கோடி மட்டுமே. பழைய நிலுவை 2 கோடி முன்பே வருமானமாக எழுதப்பட்டது. வடிகால் மானியத்தை வேறு எதற்கும் தொட முடியாது. வேலை நடக்கும்வரை அது வருமானம் அல்ல, கடன்போலப் பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். ஆக, தேய்மானம் சேர்க்கும் முன்பே 3 கோடி பற்றாக்குறை. மிச்சம் என்று நம்பிப் புதிய வேலைக்கு ஒப்புதல் தந்தால், அடுத்த ஆண்டு சம்பளத்துக்கே திண்டாட வேண்டிவரும்.

அப்புறம் அந்த வடிகால். கட்டிய ஆண்டில் 6 கோடி செலவு என்று காட்டுவதோடு ரொக்கக் கணக்கு அதை மறந்துவிடும். அக்ரூவலில் அது சொத்தாகப் பதிவாகி, ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படும். வடிகால் எவ்வளவு பழசாகிவிட்டது என்பது இருப்புநிலைக் குறிப்பில்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அக்ரூவல் வருமானத்தைக் கையில் உள்ள காசாக நினைப்பது. மேலே சொன்ன 10 கோடியில் 3 கோடி இன்னும் வரவில்லை. வழக்கில் மாட்டிய கட்டடம், ஒரே வீட்டுக்கு இரண்டு முறை விதித்த வரி என இந்த நிலுவையில் இனி வசூலாகவே வாய்ப்பில்லாத பணமும் கலந்திருக்கும். வராமல் போகக்கூடிய அந்தத் தொகைக்குக் கணக்கில் ஒதுக்கீடு எழுதிக் குறைக்காவிட்டால் வருமானம் ஊதித் தெரியும். என் அனுபவத்தில், கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை ஆண்டுவாரியாகக் கேட்டு வாங்குவதே நல்ல வழி. ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய வரி குறையாமல் அப்படியே நின்றால், அதைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.