'தி' வரும் இடமெல்லாம் 'அந்த' போடாதீர்கள்

ஒரு வாடகை ஒப்பந்தத்தின் தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இரண்டாம் பத்தியில் இப்படி ஒரு வரி: "அந்த வாடகைதாரர் அந்தச் சாவியை அந்த உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்." எந்த வாடகைதாரர், எதிர்வீட்டுக்காரரா என்று கேட்கத் தோன்றியது. ஆங்கிலத்தில் மூன்று 'தி' இருந்திருக்கிறது, இவரும் கணக்குத் தவறாமல் மூன்று 'அந்த' போட்டுவிட்டார்.

'அந்த' என்பது விரலை நீட்டிக் காட்டுகிற சொல். இரண்டு மூன்று இருக்கும்போது, இதில்லை அது என்று பிரித்துக் காட்டத்தான் அது வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வாடகைதாரர், ஒரே உரிமையாளர். "வாடகைதாரர் சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்றாலே போதும்.

இந்த வரியில் 'தி'யின் வேலையைப் பார்ப்பது 'சாவியை' என்பதில் இருக்கும் ஐ. "கடைக்காரரிடம் சாவி வாங்கினான்" என்றால் ஏதோ ஒரு புதுச் சாவியைக் காசு கொடுத்து வாங்கினான் என்று எடுத்துக்கொள்வோம். "கடைக்காரரிடம் சாவியை வாங்கினான்" என்றால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சாவி, அவரிடம் கொடுத்து வைத்திருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஒரு உருபுதான் வித்தியாசம், ஆனால் 'வாங்கு' என்ற வினையின் பொருளே மாறிவிடுகிறது. மூலத்தில் 'எ கீ' என்று இருக்கும்போது பழக்கதோஷத்தில் ஐ சேர்ப்பதும், 'தி கீ' என்று இருக்கும்போது அதை விட்டுவிடுவதும் நான் அடிக்கடி திருத்துகிற பிழைகள். கண்ணில் படாத பிழைகளும்கூட, ஏனென்றால் இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கும்.

அதற்காக ஐ என்றால் 'தி' என்று சூத்திரம் எழுதிக்கொள்ள வேண்டாம். மனிதர்கள் என்றால் ஐ எப்படியும் வந்தாக வேண்டும். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் "ஒரு பையனைப் பார்த்தேன்"தான். 'தட்டு' போன்ற சில வினைகளும் அப்படித்தான்: "ஏதோ ஒரு கதவைத் தட்டினான்."

சொல் வரிசையும் இதே வேலையைச் செய்யும். "மேசையில் சாவி இருக்கிறது" என்றால் அங்கே ஒரு சாவி கிடக்கிறது என்ற செய்தி. "சாவி மேசையில் இருக்கிறது" என்பது, சாவி எங்கே என்று தேடுகிறவருக்குச் சொல்லும் பதில்.

'ஒரு' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "அவர் ஒரு மருத்துவர்" என்பதில் 'ஒரு' ஆங்கில வாசனைதான், "அவர் மருத்துவர்" போதும். ஆனால் 'எ'யை விட்டால் பொருள் கெடும் இடமும் உண்டு. நிறுவனத்துக்கு மூன்று இயக்குநர்கள் இருக்க, 'எ டைரக்டர்' கையெழுத்திட வேண்டும் என்று மூலம் சொன்னால், "இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்" என்றே எழுத வேண்டும். வெறும் "இயக்குநர்" என்று எழுதினால், எந்த இயக்குநர் என்று வங்கியில் நிறுத்தி வைப்பார்கள். நான் பார்க்கிற சோதனை இதுதான்: 'அந்த', 'ஒரு' போன்ற குறிப்பை எடுத்துவிட்டால் படிப்பவர் வேறு ஆளையோ வேறு பொருளையோ நினைத்துக்கொள்ள வழியிருக்கிறதா? இருந்தால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடலாம்.

உண்மையான சிக்கல் ஐ வர முடியாத இடங்களில்தான். 'இல்', 'உக்கு', 'இலிருந்து' எல்லாம் எப்போதும் ஒட்டியே இருப்பவை, அவற்றை எடுத்தோ சேர்த்தோ எதையும் காட்ட முடியாது. ஐ.நா. பாதுகாப்பு அவை 1967 நவம்பர் 22 அன்று நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்மைப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிற வரியில், ஆங்கிலத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன் 'தி' இல்லை. அதே வரியில் போரைக் குறிக்கும் சொல்லுக்கு முன் 'தி' இருக்கிறது! எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்று ஒரு தரப்பு இதைக் காட்டி வாதிட்டது. பிரெஞ்சு வடிவத்தில் உள்ள 'தே டெரிட்டுவார்' என்பதை எல்லாப் பகுதிகளும் என்றே படிக்கலாம் என்று மறுதரப்பு சொன்னது. இன்றுவரை அந்தச் சர்ச்சை ஓயவில்லை.

இதைத் தமிழில் "பிடித்த பகுதிகளிலிருந்து" என்று எழுதிப் பாருங்கள். 'பிடித்த' என்ற பெயரெச்சம் முன்னால் வந்துவிட்டதால், பிடித்தவை மொத்தமும் என்றுதான் என் காதில் விழுகிறது. "சில பகுதிகளிலிருந்து" என்றால் மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததாகிவிடும், "அனைத்துப் பகுதிகளிலிருந்தும்" என்றாலும் அதே கதை. நானாக இருந்தால் "பிடித்த பகுதிகளிலிருந்து" என்றே விட்டு, அடிக்குறிப்பில் ஆங்கிலத்தில் 'தி' இல்லை என்று ஒரு வரி எழுதுவேன். அடிக்குறிப்புக்கு இடமில்லை என்றால், அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வேன்.