முதல் டெர்முக்கு அலகுத் திட்டம்: 36 பீரியட் எப்படி 19 ஆகிறது

மொரீஷியஸில் சமூக அறிவியல் எடுக்கப்போகும் புது ஆசிரியர் யாராவது கேட்டால், முதலில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காலண்டரை எடுங்கள் என்பேன். நான் முதல் வருஷம் இதைத் தலைகீழாகச் செய்தேன். புத்தகத்தில் இருந்த தலைப்புகளை வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்தேன், பன்னிரண்டு வாரமும் அழகாக நிரம்பியது. மார்ச் மாதக் கடைசியில் பார்த்தால் மூன்று தலைப்புகளைத் தொடவே இல்லை, அதில் ஒன்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு வந்திருந்தது. பிள்ளைகள் வெறும் தாளைத் திருப்பித் தந்தார்கள்.

இங்கே ஜனவரியில் தொடங்கும் முதல் டெர்ம்தான் கஷ்டமானது. விடுமுறைகள் பெரும்பாலும் அதில்தான் குவிகின்றன, புயல் காலமும் அப்போதுதான். அதனால் அந்த டெர்மையே உதாரணமாக எடுக்கிறேன். அலகு: அடிமை முறை ஒழிப்பும் ஒப்பந்தத் தொழிலாளர் வருகையும். வகுப்பு: எட்டாம் வகுப்பு. வாரத்துக்கு மூன்று பீரியட், திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். காலண்டர் 2025-இனுடையது, ஜனவரி 13 திங்களிலிருந்து பன்னிரண்டு வாரம்.

படி 1: உண்மையில் எத்தனை பீரியட் இருக்கிறது?

காகிதத்தில் 36. இப்போது ஒரு சிவப்புப் பேனா எடுங்கள். 2025-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, மகா சிவராத்திரி பிப்ரவரி 26, சுதந்திர தினம் மார்ச் 12. மூன்றுமே புதன்கிழமை! புதன் பீரியட் வைத்திருந்தவருக்கு மூன்று வகுப்பு போனது, செவ்வாய் வைத்திருந்தவர் தைப்பூசத்துக்கு, அதாவது பிப்ரவரி 11-க்கு, ஒன்றை மட்டும் இழந்தார். அடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1 சனிக்கிழமையில் போய்விட்டது. ஆக, விடுமுறைகளை மொத்தமாகக் கழித்தால் கணக்குத் தப்பும். உங்கள் டைம்டேபிளில் எந்தக் கிழமை அடிபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ரமலான் பெருநாள் பிறை பார்த்த பிறகே உறுதியாகும், கடைசி வாரத் திங்களில் வரலாம் என்பதால் அதையும் கழித்துவிடுகிறேன். மிச்சம் 32. முதல் திங்கள் பெயர்ப் பதிவுக்கும் புத்தகம் கொடுப்பதற்கும் போய்விடும்: 31. கடைசி வெள்ளியில் யாரும் பாடம் கேட்க மாட்டார்கள்: 30.

அப்புறம் புயல். புயல் எச்சரிக்கையோ கனமழை எச்சரிக்கையோ வந்தால் பள்ளி மூடும், எப்போது என்று முன்கூட்டித் தெரியாது. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். இதற்கு மூன்று பீரியடைக் காலியாக விடுங்கள். மூன்றையும் கடைசியில் சேர்த்து வைக்காதீர்கள், அங்கே வைத்தால் பிப்ரவரியில் அறுந்த பாடம் மார்ச் கடைசி வரை அறுந்தபடியே தொங்கும். நான் 6, 8, 10-ஆம் வார வெள்ளிகளில் வைக்கிறேன். புயல் வராவிட்டால் அந்த நாளில் வரைபட வேலை, வாசிப்பு என்று ஏதாவது செய்துகொள்ளலாம்.

கையில் இருப்பது 27.

படி 2: தேர்வைப் பாடத்துக்கு முன்னால் எழுதுங்கள்

அலகு முழுவதற்கும் ஒரே கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இது: ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்த தொழிலாளி சுதந்திரமானவரா? பிள்ளைகளால் ஆம் என்றும் சொல்ல முடிய வேண்டும், இல்லை என்றும் சொல்ல முடிய வேண்டும். அப்போதுதான் சான்று தேடுவார்கள். ‘ஒப்பந்தத் தொழிலாளர் எப்போது வந்தார்கள்?’ என்று கேட்டால் ‘1834’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள்.

இந்தக் கேள்வியை ஒட்டி மூன்று மதிப்பீடு. 4-ஆம் வார வெள்ளி ஒரு சிறு சோதனை: காலக்கோடு ஒன்று, படம் ஒன்று, நான்கைந்து கேள்வி. 9-ஆம் வார வெள்ளி ஒரு பத்தி எழுதுவது. 11-ஆம் வார வெள்ளி டெர்ம் தேர்வு. 12-ஆம் வாரப் புதன் தாளைத் திருப்பிக் கொடுத்துத் தவறுகளைப் பேச. இதற்கு நான்கு பீரியட் போகிறது.

பத்திக்கான மதிப்பெண்ணை இப்போதே பிரித்து எழுதிவைக்க வேண்டும். நான் பத்துக்கு இப்படிப் போடுகிறேன்: தன் கருத்தைத் தெளிவாகச் சொன்னால் 2, இரண்டு சான்றுக்கு 4, அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்கினால் 3, ஆண்டு வரிசை சரியாக இருந்தால் 1. விளக்கத்துக்கு மூன்று என்று எழுதிய பிறகுதான், விளக்கம் எழுதப் பழக்கும் வகுப்பு திட்டத்தில் எங்குமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. தேர்வை முன்கூட்டி எழுதினால் இதுபோன்ற ஓட்டைகள் ஜனவரியிலேயே தெரிந்துவிடும்.

படி 3: மீள்பார்வைக்கு இடம் ஒதுக்குங்கள்

இதைப் பாடங்களுக்கு முன்பே ஒதுக்குகிறேன். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது. நான்கு பீரியட்: 5-ஆம் வாரத் திங்கள், 7-ஆம் வாரத் திங்கள், 11-ஆம் வாரத் திங்களும் புதனும்.

5-ஆம் வாரத் திங்கள் ஏன்? மறுநாள் காவடி. பத்து நாள் விரதம் இருந்த பிள்ளைகள் திங்களன்றே கோயிலில் காவடி கட்டிக்கொண்டிருப்பார்கள், வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. புதிதாக ஒன்றைச் சொன்னால் புதன்கிழமை திரும்பவும் சொல்ல வேண்டும். 7-ஆம் வாரமும் அப்படியே, சிவராத்திரிக்குக் கிராண்ட் பாசேனுக்கு நடந்து போகும் குடும்பங்கள் அந்த வாரத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும்.

மீள்பார்வை என்றால் நோட்டைத் திரும்பப் படிப்பது இல்லை. நோட்டை மூடச் சொல்லி வெறும் தாள் கொடுக்கிறேன். 7-ஆம் வாரத்தில் இந்தியப் பெருங்கடலின் வெறும் வரைபடம். மதராஸ், கல்கத்தா, பம்பாய், போர்ட் லூயி நான்கையும் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நினைவில் இருப்பதை ஒரு வரி எழுத வேண்டும். பிறகுதான் நோட்டைத் திறந்து வேறு நிற மையால் திருத்தலாம். வேறு நிறம் எங்கே அதிகமோ அங்கே நான் திரும்பப் போக வேண்டும்.

இது போக, ஒவ்வொரு பீரியடிலும் முதல் ஐந்து நிமிடம் மூன்று கேள்வி: முந்தைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, முதல் இரண்டு வாரங்களிலிருந்து ஒன்று. மதிப்பெண் கிடையாது.

பாடத்துக்கு மிஞ்சியது 19.

படி 4: வாரத் தலைப்புகள்

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். அடைப்புக்குள் இருப்பது பாட பீரியட்.

வாரம் 1 (2): ஆளில்லாத தீவு, டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேயர்
வாரம் 2 (3): கரும்பும் அடிமை முறையும்
வாரம் 3 (2): 1835 பிப்ரவரி 1 ஒழிப்பு, 1839 வரை நீண்ட பயிற்சிக் காலம்
வாரம் 4 (2): தோட்ட முதலாளிகள் ஏன் இந்தியா பக்கம் பார்த்தார்கள்
வாரம் 5 (2): ஒப்பந்தத்துக்கு முன்பே வந்த தமிழர்கள்
வாரம் 6 (2): கப்பல் பயணம்
வாரம் 7 (1): ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய போர்ட் லூயி குடியேற்ற நிலையமான ஆப்ரவாசி காட்
வாரம் 8 (2): தோட்ட வாழ்க்கை, இரட்டைக் கழிவு
வாரம் 9 (1): தொழிலாளர்களின் 1871 மனு, அவர்கள் நிலையை ஆராய்ந்த 1872 விசாரணைக் குழு
வாரம் 10 (2): தங்கியவர்கள், நிலம் வாங்கியவர்கள்

பிப்ரவரி 1-ஐ ஒட்டி ஒழிப்புப் பாடம் விழுவது தற்செயல் இல்லை. அந்த வாரம் தொலைக்காட்சியிலும் வீட்டிலும் அதே பேச்சுதான், பிள்ளைகள் கேள்வியோடு வருவார்கள். 5-ஆம் வாரமும் அப்படித்தான். எங்கள் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால், முன்னோர் எல்லோரும் கரும்பு வெட்ட வந்தவர்கள் என்பார்கள். 1735-இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் வந்து போர்ட் லூயியைக் கட்டினார்கள் என்பதைக் காவடி முடிந்த மறுநாள் சொல்லிப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஆனால் இதைச் சொல்லிவிட்டால் அடுத்த தேர்வில் ‘தமிழர்கள் யாரும் கூலியாக வரவில்லை’ என்று நாலு பேர் எழுதுவார்கள். 6-ஆம் வாரத்தில் மதராஸ் துறைமுகத்தைத் தவறாமல் குறிப்பிடுவது அதற்காகத்தான்.

ஆப்ரவாசி காட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தால் அன்றைய வேலையாக ஒன்றே ஒன்று கொடுங்கள். கப்பலிலிருந்து இறங்கியவர் இந்தக் கல்படிகளில் ஏறி, எந்த அறை வழியாக எந்த அறைக்குப் போனார் என்று கோட்டுப்படம் வரைந்தால் போதும். இருபது கேள்வித் தாள் கொடுத்தால் தாளைத்தான் பார்ப்பார்கள், படிகளைப் பார்க்க மாட்டார்கள்.

படி 5: ஒரு பாடத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்

8-ஆம் வாரத் திங்கள், இரட்டைக் கழிவு. தொழிலாளி ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அந்த நாள் கூலியோடு இன்னொரு நாள் கூலியும் பிடிக்கப்பட்டது. சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், கணக்குப் போட வைத்தால்தான் ஏறும். மாதக் கூலி ஐந்து ரூபாய், 26 வேலை நாள். காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். நான்கு நாளுக்கு எட்டு நாள் கூலி போகும், 18 நாள் கூலிதான் கைக்கு வரும். ஐந்து ரூபாயை 26-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று ரூபாய் 46 சதம்.

பலகையில் இந்த எண் வந்ததும் ஒரு பையன், ‘அப்போ காய்ச்சல்னா வேலைக்கே வந்துடணுமா, சார்?’ என்று கேட்டான். அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி, இது நம் பெரிய கேள்விக்கு எந்தப் பக்கச் சான்று என்று திருப்பிக் கேட்டேன். 9-ஆம் வாரப் பத்தியில் விளக்கத்துக்கு வைத்த மூன்று மதிப்பெண்ணை இந்த வகுப்பில்தான் பழக்குகிறேன். புதன்கிழமை அதே கணக்கைத் தனித்தாளில் கொடுத்து, கீழே ‘இது காட்டுவது என்னவென்றால்...’ என்று தொடங்கி இரண்டு வரி எழுதச் சொல்கிறேன்.

பாதிக்கு மேல் பேர் கணக்கைச் சரியாகப் போட்டும் அந்த இரண்டு வரியில் ‘முதலாளி கெட்டவர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வெள்ளிக்கிழமைக் காலி பீரியடை அதற்கே எடுத்துக்கொள்கிறேன். அப்படியே 9-ஆம் வாரம் போனால் பத்தியிலும் அதே வரிதான் வரும்.

படி 6: ஓடும் திட்டத்தைத் திருத்துவது

திட்டத் தாளில் வலது ஓரம் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் அதில் இரண்டு விஷயம் எழுதினால் போதும்: நடந்த பீரியட் எத்தனை, காலியாக வைத்ததில் எத்தனை மிச்சம். மூன்றும் தீர்ந்த பிறகு இன்னொரு புயல் வந்தால் 10-ஆம் வாரத்தை ஒரு பீரியடாகச் சுருக்குங்கள், அல்லது 1-ஆம் வாரத்து டச்சுக்காரர்களை ஐந்து நிமிடக் கேள்விக்குள் தள்ளிவிடுங்கள். 11-ஆம் வார மீள்பார்வையில் மட்டும் கை வைக்காதீர்கள். புதுப் பாடத்தைச் சேர்க்க அதைத் தின்ற வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சேர்த்த பாடத்தையும் யாரும் எழுதவில்லை, பழைய பாடமும் மறந்துபோயிருந்தது.