கேட்ட பொருள் கடையில் இல்லை: மாற்று வைப்பதும் பில்லில் வித்தியாசம் போடுவதும்

வாட்ஸ்அப்பில் சிட்டை வாங்கி வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மளிகைக் கடைகளுக்காக எழுதியது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில்: சிட்டையிலேயே குறி வாங்குங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் நேராக மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். பொருள் கடையில் இல்லையென்றால் "நீக்கு", "கேட்டு வை", அல்லது "நாமே" (கடைக்காரர் பார்த்து வைப்பது). கவுனி அரிசி, கல்பாசி, மராட்டி மொக்கு மூன்றுக்கும் யாரையும் கேட்காமலே "நீக்கு" போட்டுவிடலாம். கவுனி அரிசி இனிப்புக்கு வேறு எந்த அரிசியும் ஒத்துவராது.

இங்கே பல வீடுகளில் பணம் போடுவது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள், சமைப்பது வீட்டிலிருக்கும் ஆச்சி. மாற்று எது என்பதை ஆச்சியிடம் கேளுங்கள். தொகை மாறினால் பிள்ளைக்கு ஒரு வரி அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் பதில் வராத "கேட்டு வை" பொருளை நீக்கிவிடுங்கள், ஊகித்து வைக்க வேண்டாம்.

இரண்டாவது: எடுத்து வைத்த பிறகுதான் பில்

சிட்டை வந்ததும் பில் போட்டால் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்த வேண்டிவரும். மூட்டை கட்டும்வரை கையில் இருப்பது வெறும் மதிப்புத் தொகைதான்.

மூன்றாவது: வித்தியாசம் யார் தலையில்?

கேட்டு, சம்மதம் வாங்கி வைத்தால் வைத்த பொருளின் விலை. நாமே முடிவு செய்து வைத்தால், கேட்ட விலை, வைத்த விலை இரண்டில் எது குறைவோ அது. சரக்கு தீர்ந்தது நம் பக்கத்துக் குறை, அதற்கு வாங்குபவர் கூடுதல் கொடுக்கக் கூடாது.

கணக்குக்காக ஒரு சிட்டை. கவுனி அரிசி 1 கிலோ ₹200, நீட்டு மிளகாய் கால் கிலோ ₹60, நல்லெண்ணெய் 1 லிட்டர் ₹360. மொத்தம் ₹620, பிள்ளை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். மூன்றுமே கடையில் இல்லை.

கவுனி நீக்கம். மிளகாய்க்கு "நாமே" என்று குறி, ஆகவே ₹70 விலையுள்ள குண்டு மிளகாய் வைக்கிறோம். வாங்க வேண்டியது ₹60 தான். "குண்டு வைத்திருக்கிறது, காரம் குறையும்" என்று பையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் குழம்பு வந்து பேசும்.

எண்ணெய்தான் எல்லாரும் சறுக்கும் இடம். கடையில் இருப்பது 1 கிலோ பாட்டில், ₹400. ₹40 ஏறிவிட்டதாகத் தெரிகிறது, ஆனால் லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். 910 கிராமுக்கு இந்த பாட்டில் விலையில் ₹364 ஆகிறது. உண்மையில் ஏறியது ₹4, மீதி ₹36 கிட்டத்தட்ட 100 மி.லி. கூடுதல் எண்ணெய்க்கானது. போனில் இப்படிச் சொல்லுங்கள்: "ஆச்சி, லிட்டர் பாக்கெட் இல்லை. கிலோ பாட்டில் இருக்கு, அரை டம்ளர் எண்ணெய் கூட வரும், நாப்பது ரூபாய் கூட ஆகும். வைக்கட்டுங்களா?" சம்மதித்தால் ₹400.

பில்: 60 + 400 = ₹460. திரும்பத் தர வேண்டியது ₹160. அதை அன்றே அனுப்புவதுதான் என் விருப்பம். அடுத்த கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று நோட்டில் எழுதி வைப்பது மாதக் கடைசியில் சண்டையில் முடியும்.

மிளகாயின் விலையை பில்லில் ₹60 என்று மாற்றி அடிக்காதீர்கள். ₹70 போட்டு, கீழே "மாற்றுத் தள்ளுபடி –10" என்று தனி வரி போடுங்கள். இருப்புக் கணக்கு பிசகாது. ஜி.எஸ்.டி. பில்லிலும் பில்லிலேயே காட்டிய தள்ளுபடி வரிக்குரிய தொகையில் கழியும்.

நான்காவது: ஷீட்

பில் மென்பொருளை விட கூகுள் ஷீட் இதற்கு வசதி. B கேட்ட பொருளின் தொகை, C வைத்ததன் தொகை, D குறி. வாங்க வேண்டிய தொகை E-யில்:

```
=IF(D2="நீக்கு",0,IF(D2="நாமே",MIN(B2,C2),C2))
```

கேட்டதையே வைத்த பொருளுக்கு D காலியாக இருக்கட்டும், அன்றைய விலை அப்படியே வரும்.

பின்சேர்க்கை: அளவு குறைந்த பாக்கெட்

படித்தவர்கள் சிலர் சுட்டிக்காட்டிய ஓட்டை இது. லிட்டர் பாக்கெட் போலவே தெரியும் சில எண்ணெய்ப் பைகளில் நிகர எடை 850 கிராம்தான். ₹360-க்குப் பதில் ₹345 பையை "நாமே" வைத்தால், மேலே உள்ள சூத்திரம் ₹345 என்று காட்டும். விலை குறைந்தது போலிருக்கும், எண்ணெய் அதைவிட அதிகம் குறைந்திருக்கும். ஆகவே B-யில் கேட்ட விலையை வைக்கும் அளவுக்கு மாற்றி எழுதுங்கள்:

```
=ROUND(360*850/910,0)
```

₹336 வருகிறது. அதுதான் வாங்க வேண்டிய தொகை, தள்ளுபடி ₹9. வைக்கும் அளவு கூடுதலாக இருந்தால் B-யை ஏற்றாதீர்கள். கேட்காமல் கொடுத்த கூடுதலுக்கு விலை இல்லை.